டிரிப் காயிலுக்குள் ஓடும் இரண்டு மில்லி ஆம்பியர்

டிரிப் காயில் என்பது பிரேக்கருக்குள் இருக்கும் சிறிய செம்புக் கம்பிச் சுருள். கைக்குள் அடங்கிவிடும். மின்பாதையில் பழுது வந்தால் பிரேக்கரைத் திறக்கவைப்பது இதுதான். திறப்பதற்கான வலு இதனிடம் இல்லை. அதை இழுத்துப் பூட்டிய ஸ்பிரிங் தருகிறது. ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் கொக்கியைத் தட்டிவிடுவது மட்டுமே காயிலின் வேலை. அந்த வேலை மாதக்கணக்கில் வராமலே இருக்கலாம். அதுவரை காயிலுக்கு மின்சாரமும் தேவையில்லை. இடையில் அதன் கம்பி அறுந்துபோனால் வெளியே ஒரு அடையாளமும் தெரியாது. ஊருக்குக் கரண்ட் வழக்கம்போலப் போய்க்கொண்டிருக்கும்.

2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டி வட்டாரத்தின் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. அப்படி ஒரு மரம் திருவதிகைப் பக்கம் போகும் 11 கிலோவோல்ட் பாதையின் மேல் விழுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். துணைமின் நிலையத்தில் உள்ள ரிலே அதைக் கண நேரத்தில் உணர்ந்து தன் தொடுமுனையை மூடுகிறது. உடனே 110 வோல்ட் பேட்டரியிலிருந்து மின்சாரம் ஃபியூஸ், ரிலேயின் தொடுமுனை, பிரேக்கரோடு சேர்ந்து அசையும் துணைத் தொடுமுனை என ஒவ்வொன்றாகக் கடந்து காயிலை அடைகிறது. காயிலின் தடை 55 ஓம் என்றால் அதில் 2 ஆம்பியர் பாயும். கொக்கி விழும், பிரேக்கர் திறக்கும்.

இந்த வழியில் எங்காவது ஒரு திருகு தளர்ந்திருந்தாலும், பிளக் சரியாக உட்காராவிட்டாலும், ரிலே கொடுத்த உத்தரவு காயிலுக்குப் போய்ச் சேராது. மின்மாற்றியை அடுத்துள்ள பெரிய பிரேக்கர் சற்றுப் பொறுத்துத் திறக்கும் வரை, அறுந்த கம்பி தரையில் உயிரோடு கிடக்கும். அந்தப் பிரேக்கர் திறந்தால் பழுதில்லாத மற்ற ஊர்களும் சேர்ந்தே இருளும். நெய்வேலியிலிருந்து புறப்படும் 400 கிலோவோல்ட் பாதைகளைப் போன்ற பெரிய இடங்களில் ஒரு பிரேக்கருக்கு இரண்டு டிரிப் காயில்கள் வைப்பது இதனால்தான்.

பழைய பலகைகளில் இந்தப் பாதையைச் சோதிக்க ஒரு விளக்கும் பொத்தானும் இருந்தன. பணியில் இருப்பவர் பொத்தானை அழுத்தும்போது விளக்கு எரிந்தால் பாதை சரி. அழுத்தாத நேரத்தில் அறுந்தால் தெரிய வழியில்லை. இன்றைய ரிலே அழுத்தச் சொல்லிக் காத்திருப்பதில்லை. தன் தொடுமுனைக்குக் குறுக்கே சுமார் 55,000 ஓம் தடையை வைத்து, அதன் வழியே 2 மில்லி ஆம்பியரை எப்போதும் காயிலுக்குள் ஓடவிடுகிறது. இதனால் காயிலின் மேல் விழும் அழுத்தம் ஏறக்குறைய 0.1 வோல்ட், கொக்கி அசையவே அசையாது. இந்தச் சிறு மின்னோட்டம் நின்றால் பாதை அறுந்தது என்று பொருள்; மணி அடிக்கும். ஆனால் உண்மையாகவே டிரிப் ஆகும்போதும் ரிலேயின் தொடுமுனை மூடுவதால் இந்த ஓட்டம் நின்றுவிடும். அதைப் பழுதென்று எண்ணிவிடாமல் இருக்க, ரிலே அரை நொடி அளவுக்குப் பொறுத்தே மணியடிக்கிறது.

பிரேக்கர் திறந்திருக்கும்போது துணைத் தொடுமுனையும் திறந்துவிடுவதால் கண்காணிக்கும் பாதையும் போய்விடுகிறது. எளிய அமைப்புகள் இதைக் கண்டுகொள்வதில்லை. அது சரியான சிக்கனம் அல்ல. புயலுக்குப் பின் கம்பியைக் கட்டி, கழற்ற மறந்துபோன எர்த் சங்கிலியோடு பிரேக்கரை மூடும் கணத்தில்தான் டிரிப் காயில் மிகவும் தேவைப்படும். நல்ல அமைப்பில், பிரேக்கர் திறக்கும்போது மூடிக்கொள்ளும் இன்னொரு தொடுமுனையை ஒரு தடையோடு சேர்த்துத் துணைத் தொடுமுனைக்கு இணையாகப் பொருத்துகிறார்கள். அப்போது பிரேக்கரை மூடும் முன்பே பாதையின் நிலை தெரிந்துவிடும்.

இந்தக் காவலுக்கு எட்டாதவையும் உண்டு. ஒரு முனையில் துருவேறி 500 ஓம் தடை கூடியதாகக் கொண்டால், 55,000 ஓமுக்கு முன் அது ஒன்றுமில்லை. 2 மில்லி ஆம்பியர் அப்படியே ஓடும், ரிலேக்கு எல்லாம் சரியாகவே தெரியும். ஆனால் டிரிப் நேரத்தில் 2 ஆம்பியர் பாய வேண்டிய காயிலில் 0.2 ஆம்பியர்தான் பாயும், கொக்கி விழாது. கிரீஸ் இறுகி இயந்திரப் பகுதி சிக்கிக்கொண்டாலும் ரிலே அறியாது. அப்போது பிரேக்கர் திறக்காது, துணைத் தொடுமுனையும் திறக்காது. கண நேரத்துக்கென்று செய்த காயில் விடாமல் மின்சாரம் வாங்கி எரிந்துபோகும். மணி அடித்தாலும் அது டிரிப் தவறிய பிறகுதான்.

ஆகவே ஆண்டுப் பராமரிப்பில் ரிலேயின் பச்சை விளக்கோடு நிறுத்துவதில்லை. 110 வோல்ட் காயிலுக்கு அதன் எழுபது சதவீதமான 77 வோல்ட்டை மட்டும் கொடுத்து, பிரேக்கர் திறக்கிறதா என்று பார்க்கிறார்கள்.