கடல்நீரில் எந்த உலோகம் முதலில் அரிக்கும்?

(குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



அரிமானத்தைத் தடுக்கும் முறைகளுள் எதிர்மின்வாய்ப் பாதுகாப்பைப் பத்தாம் வகுப்பில் சில வரிகளில் சொல்லிக் கடந்துவிடுகிறோம். அந்த வரிகளுக்குள் இருக்கும் கணிப்பு முறையை ஒரு பழைய கப்பலைக் கொண்டு இன்று பார்க்கலாம்.

1761-இல் பிரித்தானியக் கடற்படை 'அலாரம்' என்ற மரக் கப்பலின் அடிப்பகுதியைத் தாமிரத் தகடுகளால் மூடியது. மரத்தைத் துளைக்கும் கடற்புழுக்களிடமிருந்து காப்பதே நோக்கம். தகடுகளை இரும்பு ஆணிகளால் அடித்தார்கள். 1763-இல் கப்பலைச் சோதித்தபோது பல இடங்களில் தகடுகள் கழன்று போயிருந்தன. தாமிரம் கெடவில்லை, ஆணிகள்தாம் கரைந்திருந்தன. ஆனால் சில ஆணிகள் அவ்வளவாகக் கெடவில்லை. தகடுகளைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதம் அந்த ஆணிகளின் தலைக்குக் கீழே சிக்கி, இரும்பைத் தாமிரத்தைத் தொடவிடாமல் தடுத்திருந்தது.

இதிலிருந்து மூன்று கேள்விகள் கிடைக்கின்றன. இரண்டு உலோகங்களும் ஒன்றையொன்று தொடுகின்றனவா? இரண்டில் எது எளிதில் எலக்ட்ரானை இழக்கும்? எதன் பரப்பு பெரியது?

முதல் கேள்விக்குக் காகிதமே விடை. இரண்டு உலோகங்களும் ஒரே கடல்நீரில் இருந்தாலும், அவற்றுக்கிடையே எலக்ட்ரான் செல்ல வழியில்லை என்றால் இந்த வகை அரிமானம் நிகழாது.

இரண்டாவது கேள்வியில் மாணவர்கள் பாடநூலின் வினைபடு திறன் வரிசையைப் பார்ப்பார்கள். அங்கே துத்தநாகத்தைவிட அலுமினியம் வினைமிக்கது. கடல்நீரில் அளந்தாலோ வரிசை மாறுகிறது. வெள்ளி–வெள்ளிக் குளோரைடு மின்வாயை ஒப்பீடாக வைத்து அளக்கும்போது துத்தநாகம் சுமார் −1.0 வோல்ட், அலுமினியம் சுமார் −0.75, சாதாரண எஃகு சுமார் −0.6, தாமிரம் சுமார் −0.3 வோல்ட் காட்டும். அலுமினியத்தின் மேலுள்ள ஆக்சைடு படலமே இந்த மாற்றத்துக்குக் காரணம். எனவே கணிப்புக்குக் கடல்நீரில் அளந்த வரிசையையே எடுக்க வேண்டும். கூடுதல் எதிர்க்குறி மதிப்புள்ள உலோகம் நேர்மின்வாயாகிக் கரையும். 'அலாரம்' கப்பலில் அது இரும்பு.

மூன்றாவது கேள்வியைத்தான் பலர் விட்டுவிடுகிறோம். கடல்நீரில் கரைந்த ஆக்சிஜன், எதிர்மின்வாயின் பரப்பு முழுவதிலும் எலக்ட்ரானை ஏற்கிறது. அந்த மின்னோட்டம் முழுவதையும் நேர்மின்வாயே தர வேண்டும். தாமிரத்தின் பரப்பு ஆணித்தலைகளின் பரப்பைப்போல் 100 மடங்கு என்றால், ஆணியில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் தாமிரத்தின் 100 சதுர சென்டிமீட்டருக்கு ஈடுகொடுக்கிறது. இதையே திருப்பி, பெரிய இரும்புத் தகட்டில் சிறிய தாமிர ஆணி அடித்தால் சேதம் பரவி, மெதுவாக நடக்கும். எஃகுக்கு மட்டும் வண்ணம் பூசுவது ஆபத்தாவதும் இதனால்தான். பூச்சில் விழும் சிறு கீறல் அந்த ஆணித்தலையைப் போலாகி, அங்கே வேகமாகக் குழி விழும். தாமிரப் பகுதியையும் சேர்த்துப் பூச வேண்டும்.

உலோகங்களைப் பிரிக்க முடியாதபோது, இரண்டையும்விட எளிதில் கரையும் மூன்றாவது உலோகத்தை இணைக்கிறோம். அதுவே தியாக நேர்மின்வாய். எஃகு உடலும் வெண்கலச் சுழலியும் உள்ள ஒரு படகில், பூச்சில்லாமல் நீரைத் தொடும் பரப்பு மொத்தம் 2 சதுர மீட்டர் என்று கொள்வோம். சதுர மீட்டருக்கு 100 மில்லி ஆம்பியர் வீதம் 0.2 ஆம்பியர் தேவை. ஓராண்டுக்கு 8760 மணி. பெருக்கினால் 1752 ஆம்பியர்-மணி. ஒரு கிலோ துத்தநாகம் ஏறக்குறைய 780 ஆம்பியர்-மணி தரும். ஆக 2.25 கிலோ வேண்டும். கட்டியில் 80 விழுக்காடுதான் பயன்படும் என்று வைத்தால் சுமார் 2.8 கிலோ. இது நிற்கும் படகுக்கான கணக்கு. ஓடும்போது ஆக்சிஜன் வரத்து கூடுவதால் தேவையும் கூடும்.

கட்டி வேலை செய்கிறதா என்று எப்படி அறிவது? எஃகின் அளவீடு −0.80 வோல்ட்டோ, அதைவிடக் கூடுதல் எதிர்க்குறியிலோ இருந்தால் பாதுகாப்பு கிடைக்கிறது. கருவி இல்லையென்றால் கட்டியைப் பாருங்கள். அது தேய்ந்திருந்தால் நல்லது. மாதக்கணக்கில் தேயாமல் புதிதுபோல் இருந்தால் எஃகோடு இணைப்பு விட்டிருக்கலாம், அல்லது கட்டியின்மேலும் யாரோ வண்ணம் பூசியிருக்கலாம்.

இம்முறைக்கும் ஓர் எல்லை உண்டு. 1824-இல் ஹம்ப்ரி டேவி, கப்பலின் தாமிரத் தகடுகளைக் காக்க இரும்பையும் துத்தநாகத்தையும் இணைத்தார். தாமிரம் கரையாமல் நின்றது. ஆனால் கரையும் தாமிரமே கடலுயிரிகளுக்கு நஞ்சாக இருந்து கப்பலைச் சுத்தமாக வைத்திருந்தது. அது நின்றதும் பாசியும் கொட்டலசும் படிந்து கப்பலின் வேகம் குறைந்தது. கடற்படை அம்முறையைக் கைவிட்டது.

வகுப்பில் செய்ய எளிய சோதனை ஒன்று. ஒரு லிட்டர் நீரில் 35 கிராம் உப்பைக் கரைத்து மூன்று குவளைகளில் ஊற்றுங்கள். தேய்த்துச் சுத்தம் செய்த இரும்பு ஆணிகளில் ஒன்றைத் தனியாகவும், ஒன்றைத் தாமிரக் கம்பி சுற்றியும், ஒன்றைத் துத்தநாகத் தகடு இறுக்கிக் கட்டியும் போடுங்கள். மறுநாள் எதில் துரு அதிகம், எதில் குறைவு என்று மாணவர்கள் முன்கூட்டியே எழுதட்டும். பிறகு குவளைகளைப் பார்த்துத் தாங்களே சரிபார்க்கட்டும்.