கைப்பேசியில் மாதவிலக்குக் கணக்கு
(கூட்டமைப்பு ஆண்டுவிழாவில் நிகழ்த்திய உரை)



போன மாசம் நம்ம குழு உறுப்பினர் ஒருத்தர் பதறிப்போய் வந்தார். கல்லூரியில் படிக்கிற மகளோட போனை எதேச்சையா எடுத்திருக்கார். "ஆறு நாள் தள்ளிப்போயிருக்கிறது" என்று ஒரு செய்தி வந்து நிற்குது. வீட்டில் பெரிய சண்டை. அந்தப் பொண்ணு அழுதுகிட்டே சொன்னது, "அம்மா, எனக்கு எப்பவுமே முன்ன பின்னதானே வரும்!"

பொண்ணு சொன்னதுதான் சரி. தப்பு ஆப்பின் கணக்கில். அது எப்படிக் கணக்குப் போடுதுன்னு பார்ப்போம்.

அந்தப் பெண்ணுக்கு முந்தைய மூன்று சுற்றுகள் 27 நாள், 34 நாள், 29 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 90. மூன்றால் வகுத்தால் 30. கடைசியாக மார்ச் 5 அன்று வந்தது என்றால், ஏப்ரல் 4 என்று ஆப் ஒரே தேதியைச் சொல்லும். ஆனால் அவளுடைய உடம்பின் வழக்கப்படி ஏப்ரல் 1 முதல் 8 வரை எந்த நாளும் வரலாம். சராசரி என்பது அவ்வளவுதான். வயசுக்கு வந்து சில வருடங்கள் வரை 21 முதல் 45 நாள் வரை மாறி மாறி வருவது இயல்பு. மூன்று மாசம் வராமலே இருந்தாலோ, ஏழு நாளுக்கு மேல் போய்க்கொண்டே இருந்தாலோ டாக்டரைப் பார்க்கணும்.

இதே காரணத்தால், "கரு தங்காத நாள்" என்று ஆப் காட்டுவதை நம்பி யாரும் இருந்துவிடாதீங்க. அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 14 நாள் முன்னால் கருமுட்டை வெளிவரும். நம்ம கணக்கில் அது மார்ச் 18 ஆகவும் இருக்கலாம், 25 ஆகவும் இருக்கலாம். ஆப் காட்டுவது 21. ஆணின் விந்தணு உள்ளே ஐந்து நாள்வரை உயிரோடு இருக்கும். அப்போ எந்த நாளைத் தள்ளுவது?

அடுத்தது, எழுதியது எங்கே போகுது என்பது. நம்ம தீர்மானப் புத்தகத்தை யாரிடமும் கொடுத்துவிட்டு வருவோமா? Flo என்ற ஆப்பை உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான பெண்கள் வைத்திருக்காங்க. ரகசியமாக வைப்போம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, பெண்கள் பதிந்த மாதவிலக்கு, கர்ப்பத் தகவல்களை ஃபேஸ்புக், கூகுள் போன்ற கம்பெனிகளுக்குப் போகவிட்டது என்று அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் 2021-இல் குற்றம் சாட்டியது. தப்பை ஒத்துக்கொள்ளாமலே கம்பெனி சமரசம் செய்துகொண்டது. அதன்படி, இனி பயனாளரின் சம்மதம் வாங்காமல் உடல்நலத் தகவலைக் கொடுக்கக் கூடாது. பிறகு 2022-இல், பெயர் இல்லாமல் பயன்படுத்தும் வசதியையும் கொண்டுவந்தது.

Clue ஜெர்மனியின் பெர்லினில் உள்ள கம்பெனியுடையது. ஐரோப்பாவின் கடுமையான தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. ஆனாலும் கணக்கு தொடங்கினால் நம் குறிப்பு அவர்களிடம்தான் சேரும்.

drip, Euki இரண்டும் வேறு மாதிரி. எழுதியது போனுக்குள்ளேயே இருக்கும். மின்னஞ்சல், போன் நம்பர் எதுவும் கேட்காது. ரகசிய எண் போட்டுப் பூட்டலாம். அதுக்கு ஒரு விலை உண்டு. போன் தொலைந்தால் குறிப்பும் போச்சு. அதனால் தேதிகளை மட்டும் ஒரு நோட்டிலும் எழுதி வைங்க.

மற்ற ஆப்களை விட்டு விலகும்போது, படத்தை அழுத்தி நீக்கினால் மட்டும் போதாது. கம்பெனியிடம் போன தகவல் அங்கேயே கிடக்கும். முதலில் உள்ளே போய்க் கணக்கை அழிக்கணும், பிறகு ஆப்பை நீக்கணும். வீட்டில் ஒரே போனை நாலு பேர் பார்க்கிறீங்கன்னா, செய்தி காட்டுவதையும் நிறுத்திடுங்க. அந்தப் பொண்ணு வீட்டுச் சண்டையே அதனாலதான்.

கடைசியா, சொற்கள். Cycle length என்று ஒரு கட்டம் வரும். Period length என்று இன்னொன்று வரும். முதலாவது, ஒரு மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து அடுத்ததன் முதல் நாள்வரை. இரண்டாவது, ரத்தம் போகும் நாள்கள் மட்டும். தலைக்குக் குளித்த நாளிலிருந்து எண்ணுகிற வழக்கம் நம்மிடம் இருக்கு. அப்படி எண்ணிப் போட்டால் தேதி எல்லாம் நாலைந்து நாள் பிசகும். மொழிப் பட்டியலில் தமிழ் இல்லாவிட்டால், இந்த இரண்டு சொல்லையும் மகளோடு உட்கார்ந்து ஒருமுறை பார்த்துக்கோங்க.

எனக்குக் கேட்டால், தேதி குறிக்க மட்டும் என்றால் போனுக்குள்ளேயே வைக்கிற ஆப் போதும். அது தேதி குறிக்கிற நோட்டு. டாக்டரும் இல்லை, கருத்தடையும் இல்லை. மகள்மேல் சந்தேகப்பட அது சாட்சியும் இல்லை.