டியூஷன், கோச்சிங், வேன்: பாதியில் நிறுத்தினால் எவ்வளவு திரும்பக் கேட்கலாம்?

(நம் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில், கணக்குத் துறையில் பணிபுரிந்து ஓய்வு பெற்ற நம் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

இந்தத் தலைப்பை நானாக எடுக்கவில்லை. போன மாதம் லிஃப்டில் இரண்டு பேர் இதற்காக வாக்குவாதம் செய்தார்கள். ஒருவர் பணம் கட்டிய அப்பா, இன்னொருவர் நம் கட்டடத்திலேயே வீட்டில் டியூஷன் எடுக்கும் ஆசிரியை. இருவரும் இப்போது இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் ஜாக்கிரதையாகவே பேசுகிறேன்.

முதலில் பெரிய தொகை. என் தங்கை மகள் பிளஸ் ஒன் சேர்ந்தபோது ஒரு கோச்சிங் சென்டரில் ஜே.இ.இ. வகுப்புக்குச் சேர்த்தார்கள். ஜூன் முதல் மார்ச் வரை பத்து மாதம். ஒரு லட்சம் ரூபாய் கட்டணம், அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., ஆக 1,18,000 ரூபாய். மொத்தமாகக் கட்டிவிட்டார்கள். பள்ளி முடிந்து நேராக அங்கே போய், இரவு ஒன்பதுக்கு வீடு திரும்பும் பிள்ளை செப்டம்பரில் சாப்பிடுவதையே குறைத்துவிட்டாள். காமர்ஸ் படிக்கிறேன் என்றாள். நிறுத்திவிட்டோம். சென்டரில் கேட்டால், விண்ணப்பத்தின் பின்பக்கத்தைக் காட்டினார்கள். 'எக்காரணம் கொண்டும் கட்டணம் திருப்பித் தரப்பட மாட்டாது' என்று பொடி எழுத்தில் இருந்தது. கீழே என் தங்கையின் கையெழுத்து.

கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் திரும்பி வந்துவிடுகிறார்கள். வர வேண்டியதில்லை. மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் கோச்சிங் சென்டர்களுக்கு வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. முழுக் கட்டணம் கட்டிய மாணவர் இடையில் விலகினால், மீதிக் காலத்துக்கான பணத்தை விகிதப்படி 10 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்பது அதில் இருக்கிறது. சென்டரின் விடுதியில் தங்கியிருந்தால் விடுதி, சாப்பாட்டுக் கட்டணத்துக்கும் இதே கணக்குதான். ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இது நெறிமுறை, மாநிலங்கள் எடுத்து நடைமுறைப்படுத்த வேண்டியது, தானாகச் சட்டம் ஆகிவிடாது. ஐம்பது மாணவருக்கு மேல் உள்ள சென்டர்களைத்தான் அது குறிக்கிறது. ஆனால் 'எது நியாயம்' என்ற பேச்சு வரும்போது, அரசே சொன்ன அளவுகோல் என்று காட்டலாம். அதோடு, கோச்சிங் சென்டரைப் பள்ளி, கல்லூரி போலப் பார்க்க முடியாது, அதன்மேல் நுகர்வோர் வழக்குப் போடலாம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020-இல் சொல்லியிருக்கிறது.

சரி, எவ்வளவு கேட்பது? கோபத்தில் முழுப் பணத்தையும் கேட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். நாங்கள் ரசீதை எடுத்து வைத்துக்கொண்டு பிரித்தோம். பதிவுக் கட்டணம் 5,000, புத்தகங்களுக்கு 10,000, வகுப்புக்கு 85,000. பதிவுக் கட்டணத்தை விட்டுவிட்டோம், சேர்த்த வேலை நடந்துவிட்டது. வகுப்பில் நான்கு மாதம் போயிருந்தாள், ஆறு மாதம் மீதி. 85,000-இல் பத்தில் ஆறு பங்கு 51,000. பில்லில் எல்லாவற்றுக்கும் சேர்த்தே வரி போட்டிருந்ததால், இந்த 51,000-க்கு உரிய வரி 9,180 ரூபாயும் நமக்கு வர வேண்டியதே. இரண்டும் சேர்ந்து 60,180. புத்தகத்தில் இரண்டாம் பாதி கொடுக்கவே இல்லை, அதற்கு 5,000, வரியோடு 5,900. ஆக நாங்கள் எழுதிக் கேட்டது 66,080 ரூபாய்.

வரியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 'ஜி.எஸ்.டி. அரசுக்குப் போய்விட்டது, எங்களால் ஒன்றும் செய்ய முடியாது' என்பார்கள். அப்படியில்லை. ரத்தான பகுதிக்கு 'கிரெடிட் நோட்' போட்டு அவர்கள் வரியைச் சரிசெய்துகொள்ளலாம். அந்த நிதியாண்டு முடிந்த பிறகு வரும் நவம்பர் 30 வரை அதற்கு அவகாசம் உண்டு. முப்பது வருடம் இந்த வேலையைத்தான் பார்த்தேன், அதனால் அங்கே நான் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன்.

அவர்கள் ஒரு நல்ல வாதமும் வைத்தார்கள். 'கஷ்டமான பாடங்களை முதல் மாதங்களிலேயே முடித்துவிடுகிறோம், அதனால் மாதக் கணக்கு செல்லாது' என்றார்கள். அது உண்மையானால் மாதத்துக்குப் பதில் வகுப்பு மணிகளை வைத்துக் கணக்கிடலாம், கால அட்டவணையைக் கொடுங்கள் என்றோம். கடைசி வரை கொடுக்கவில்லை. அடுத்து 30,000 தருவதாகச் சொன்னார்கள். நாங்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தோம். ஐந்து வாரத்தில் 60,180 வந்தது. புத்தகப் பணம் வரவில்லை, விட்டுவிட்டோம். வராமலே போயிருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருப்போம். ஐந்து லட்சம் வரை அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

எங்களைக் காப்பாற்றியது தேதிதான். நிறுத்துகிறோம் என்று செப்டம்பர் 28-ஆம் தேதியே மெயில் அனுப்பியிருந்தாள் என் தங்கை. போனில் சொல்லிவிட்டு டிசம்பரில் கடிதம் எழுதியிருந்தால், கணக்கு டிசம்பரிலிருந்துதான் தொடங்கியிருக்கும்.

கட்டணத்தை மாதத் தவணையில் கட்டுகிறவர்கள் இன்னொன்றைப் பாருங்கள். பல இடங்களில் அது சென்டரின் தவணை இல்லை, ஒரு நிதி நிறுவனத்தில் உங்கள் பெயரில் எடுத்த கடன். பிள்ளை போகவில்லையே என்று வங்கியில் தவணையை நிறுத்தினால் உங்கள் சிபில் மதிப்பெண்தான் அடிபடும். தவணையைக் கட்டிக்கொண்டே, கடனை முடித்துத் தரும்படி சென்டரிடம் எழுத்தில் கேளுங்கள்.

இப்போது நம் வீட்டுக்குள் வருவோம். ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு மாதம் 1,500 ரூபாய்க்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியையிடம் இந்தக் கணக்கையெல்லாம் கொண்டுபோகாதீர்கள். மாதம் தொடங்கிய பிறகு 12-ஆம் தேதி நிறுத்தினால் அந்த மாதப் பணம் அவருடையது, அந்த நேரத்தை அவர் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. மூன்று மாதத்துக்கு முன்பணம் கொடுத்திருந்தால் தொடங்காத மாதங்களுக்கு உரியதைத் திருப்பிக் கொடுப்பதுதான் முறை. லிஃப்ட் வாக்குவாதத்துக்கு என் பதில் அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் பாதிப் பாதி வருத்தம் இருக்கும்.

வேன் கொஞ்சம் வேறு. ஒரு பிள்ளை இறங்கிவிட்டால் அண்ணனுக்கு டீசல் குறையாது, வண்டிக் கடன், இன்சூரன்ஸ், எஃப்.சி. எதுவும் குறையாது. நடு வருடத்தில் அந்த இடத்துக்கு ஆள் கிடைப்பதும் கஷ்டம். அதனால் ஒரு மாத முன்னறிவிப்பு கொடுப்பது நியாயம். மாதம் 2,000 வீதம் பத்து மாதத்துக்கு 20,000 மொத்தமாகக் கட்டியவர், முன்னறிவிப்பு இல்லாமல் நவம்பர் கடைசியில் நிறுத்துகிறார் என்று வையுங்கள். மீதி நான்கு மாதத்துக்கு 8,000. அதில் ஒரு மாதத்தைக் கழித்து 6,000 கேட்கலாம். வருடம் முழுவதற்கும் கட்டித்தான் ஆக வேண்டும் என்று அவர் சொன்னால் அது சரியில்லை. அந்த இடத்துக்கு நம் குடியிருப்பிலிருந்தே இன்னொரு பிள்ளை உடனே ஏறிவிட்டால், கழித்த 2,000-ஐயும் கேட்கலாம். ஆகவே நிறுத்துவதற்கு முன்னால் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டுப் பாருங்கள். பள்ளியே நடத்தும் பஸ் என்றால் பெரும்பாலும் பருவக் கட்டணம், அடுத்த பருவத்துக்குப் பணம் கட்டும் முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

என் தங்கை அனுப்பிய மெயிலைப் பெயர்களை எடுத்துவிட்டு அச்செடுத்து வைத்திருக்கிறேன். சேர்ந்த தேதி, கட்டிய தொகை, ரசீது எண், கடைசியாகப் போன நாள், கேட்கும் தொகை, வங்கிக் கணக்கு விவரம், எல்லாம் பத்து வரிதான். சங்க அலுவலக மேசையில் இருக்கிறது, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.