இணைப்பா, சுட்டியா?

தில்லியில் நடந்த திருமணத்தின் படத்தொகுப்பைக் கனடாவிலுள்ள தமக்கைக்கு மின்னஞ்சலில் இணைத்து அனுப்புகிறீர்கள். கோப்பு 22 மெகாபைட்; அவருடைய அஞ்சற்பெட்டியின் வரம்பு 25. ஆயினும் மடல் திரும்பி வருகிறது. காரணம் யாது? மின்னஞ்சல் எக்கோப்பையும் எழுத்துகளாக மாற்றியே சுமக்கும். அதனால் அளவு மூன்றில் ஒரு பங்கு பெருகி, 29-ஐத் தாண்டிவிடுகிறது.

ஆகவே 18 வரை இணைப்பே போதும். அதற்கு மேற்பட்டால், கோப்பைக் கூகுள் டிரைவில் ஏற்றி, அது இருக்குமிடத்தைக் காட்டும் சுட்டியை மட்டும் அனுப்புவதே முறை. பகிர்வு அனுமதி `Restricted` என்றிருப்பின், நீங்கள் பெயர் சேர்க்காதவருக்குக் கதவு திறவாது. தமக்கையின் முகவரியை அங்கே சேர்த்திடுக.

இணைப்பு அவரிடமே தங்கும். சுட்டியோ, நீங்கள் மூலக்கோப்பை அழித்த பின் பயனற்றுப் போகும். அவர் இறக்கிக்கொண்டதாக மறுமொழி வரும்வரை அதனை அழியாதீர்கள்.