அழித்த செய்தியும் அழியாத சுவடும்

எங்கள் கல்லூரிப் பழைய மாணவர்களுக்கென்று வாட்ஸ்அப்பில் ஒரு குழு உண்டு. அதன் நிர்வாகிகளுள் நானும் ஒருவன். ஒரு நாள் காலையில் இளைஞர் ஒருவர், நோயாளி ஒருவருக்கு இரத்தம் தேவை என்று, அவர் உறவினரின் தொலைபேசி எண்ணுடன் எழுதியிருந்தார். நண்பகலுக்குள் இரத்தம் கிடைத்துவிட்டது. ஆயினும் அழைப்புகள் ஓயவில்லை. ஆகவே அச்செய்தியை எல்லாருக்கும் நீக்கிவிட்டேன்.

பிறர் செய்தியை இவ்வாறு நீக்கும் உரிமை வாட்ஸ்அப்பில் நிர்வாகிகளுக்கு 2022-ஆம் ஆண்டில் வந்தது. நீக்கியதும் செய்தி இருந்த இடம் வெற்றிடமாகிவிடுவதில்லை. நிர்வாகி இன்னார் இதை நீக்கினார் என்னும் ஒரு வரி, அதே இடத்தில் நிற்கிறது. உறுப்பினர் அனைவரும் அதைக் காண்கின்றனர், எழுதியவரும் காண்கிறார். காரணம் மட்டும் அவ்வரியில் இல்லை. அன்று மாலை அவ்விளைஞர் என்னை அழைத்து, "ஐயா, நான் என்ன பிழை செய்தேன்? எல்லாரும் என்னைத் தவறாக எண்ணமாட்டார்களா?" என்று கேட்டார். எனக்கு வெட்கமாயிருந்தது.

அதனினும் பெரிய செய்தி அடுத்து வந்தது. அழைப்புகள் இன்னும் வருகின்றனவாம்! குழுவைத் துருவிப் பார்த்தேன். நண்பர் ஒருவர் அச்செய்தியைச் சுட்டி, "நான் வருகிறேன்" என்று மறுமொழி எழுதியிருந்தார். அம்மறுமொழியின் தலையில் மூலச்செய்தியின் வாசகம், எண்ணோடு அப்படியே இருந்தது. சுட்டிய பகுதி மறுமொழியின் உறுப்பாகிவிடுகிறது. மூலத்தை நீக்கினாலும் அது போவதில்லை. மறுமொழியையும் தனியே நீக்கினேன். வேறு குழுக்களுக்கு அனுப்பப்பட்ட படிகளோ என் கைக்கு எட்டாதவை.

இதன் காரணம் எளிது. செய்தி ஒவ்வொருவர் கருவியிலும் தனித்தனியே இருக்கிறது. நீக்குதல் என்பது அக்கருவிகளுக்கு அனுப்பும் ஒரு கட்டளையே. கட்டளை ஓரிடத்தில் பயனற்றுப் போனாலும், நீக்கியவருக்கு அறிவிப்பு வருவதில்லை.

டெலிகிராமில் வழக்கம் வேறு. அங்கே நிர்வாகி நீக்கினால் செய்தி சுவடின்றி மறைகிறது. எழுதியவர், தாம் எழுதினோமா என்றே ஐயுறக்கூடும். பெருங்குழுக்களில், நீக்கியவர் யார் என்னும் குறிப்பு 48 மணி நேரம் நிர்வாகிகளின் பதிவேட்டில் மட்டும் காணப்படும். முன்னதில் எழுதியவருக்கு நாணம், பின்னதில் அறியாமை.

இப்போது நான் ஒரு முறையைக் கைக்கொள்கிறேன். முதலில் எழுதியவருக்குத் தனியே காரணத்தைச் சொல்லி, அவரையே நீக்கச் சொல்கிறேன். அவர் கிடைக்காவிடில் நானே நீக்கி, காரணத்தைக் குழுவில் ஒரு வரியில் எழுதுகிறேன். பின்னர் மறுமொழிகளைத் தேடிப் பார்க்கிறேன். அவ்விளைஞரிடமும் குழுவின் முன்னிலையிலேயே விளக்கம் சொன்னேன். மறுநாள் அழைப்புகள் நின்றன.