காயம்பட்ட கையே எழுதட்டும்

நடுவர் அவர்களே, சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவே இருக்கிற ஆலைகளில் ஷிப்ட் முடித்துத் தூக்கத்தோடு வந்து உட்கார்ந்திருக்கும் தோழர்களே, எதிரணி நண்பர்களே!

காயம்பட்ட தொழிலாளியே தன் விபத்தை எழுதுவதால் பயன் உண்டா, இல்லையா? உண்டு என்பது எங்கள் அணி. எதிரணியில் பேசிய வழக்கறிஞர் அண்ணன், "வலியில் துடிக்கிறவன் நடுநிலையாக எழுதுவானா?" என்று கேட்டுக் கைதட்டு வாங்கினார். நானும்தான் தட்டினேன். ஆனால் அடிபட்டவர் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார் என்பதை அண்ணன் சொல்லவே இல்லை. ஆலை மேலாளர் எழுதுவார். தன் ஷிப்டில், தன் மெஷினில் நடந்த விபத்தைப் பற்றி எழுதுகிற அவர் மட்டும் காசி யாத்திரை போய் வந்த சந்நியாசியா?

இ.எஸ்.ஐ. உள்ள ஆலைகளில் விபத்துப் பதிவேடு என்று ஒன்று இருக்க வேண்டும். படிவம் 11. அடிபட்டவரோ அவர் சார்பில் இன்னொருவரோ அதில் எழுதலாம், எழுதத் தெரியாதவர் கைநாட்டு வைக்கலாம் என்று 1950ஆம் ஆண்டு விதிமுறைகளிலேயே இருக்கிறது. அதன் கட்டங்களைப் பாருங்கள். எந்தத் தேதி, எந்த நேரம், எந்த இடம், என்ன காயம், எதனால் வந்தது, அந்த நேரத்தில் நீ சரியாக என்ன செய்துகொண்டிருந்தாய், பார்த்த இரண்டு பேர் யார். தப்பு யாருடையது என்று கேட்கும் கட்டமே அதில் கிடையாது. அடுத்தது முதலாளி இ.எஸ்.ஐ. அலுவலகத்துக்கு அனுப்பும் படிவம் 12. அதில்தான் "உங்கள் கருத்தில், இவர் விதியை மீறினாரா, உத்தரவில்லாமல் செய்தாரா" என்று கேட்கிறார்கள். கருத்துச் சொல்லும் இடம் முதலாளிக்கு, நடந்ததைச் சொல்லும் இடம் தொழிலாளிக்கு. இதில் நடுநிலையாக இருக்க யாருக்கு எளிது? நடுவர் அவர்களே, நீங்களே சொல்லுங்கள்.

நான் சித்தூர்ப் பக்கம் ஒரு பால் ஆலையில் பிட்டராக இருந்தவன். ஆலையின் பெயர் வேண்டாம். இரவு ஷிப்ட், டிஸ்பாட்ச் பகுதி. கிரேட் போகிற கன்வேயரின் வால் முனையில் ஒரு கிழிந்த பால் பாக்கெட் பெல்ட்டுக்கும் ரோலருக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. அங்கே வேலை பார்த்த அக்கா வலது கையை விட்டு அதை இழுத்தார். ஆள்காட்டி விரல் நுனி போய்விட்டது. ரோலரைப் பின்னால் சுற்றிக் கையை எடுத்தவர்களில் நானும் ஒருவன்.

முதலுதவி முடிந்து, மருத்துவமனையில் கட்டுப் போட்டுவந்த பிறகு, அவர் சொல்லச் சொல்லப் பக்கத்து மெஷின் பையன் எழுதினான். முதலில் வந்த வாக்கியம் இது: "வேண்டுமென்றே மறைப்பைக் கழற்றி வைத்து, என்னை அவசரப்படுத்திய சூப்பர்வைசரால் என் விரல் போனது." கேட்டவர்களுக்கு ரத்தம் கொதித்தது. எனக்கும்தான். ஆனால் எங்கள் யூனியன் பெரியவர் ஒருவர், அதிகம் பேசாதவர், பையன் கையைப் பிடித்துக்கொண்டு அக்காவிடம் கேட்டார். "மறைப்பைக் கழற்றியவனை நீ பார்த்தியாம்மா?" பார்க்கவில்லை. "நீ நின்ற நேரத்தில் மறைப்பு இருந்ததா?" இல்லை, வேலைக்கு வந்தபோதே இல்லை. "அவர் அவசரப்படுத்தினார் என்றால் என்ன சொன்னார்?" வண்டி காத்திருக்கு, சீக்கிரம் என்றார். "எப்போ?" ஒன்றரை மணி இருக்கும். "மெஷினை நிறுத்தினாயா?" அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, இல்லை என்றார். "ஏன்?" நிறுத்துகிற பொத்தான் அந்த முனையில், தூணுக்குப் பின்னால் இருக்கு.

பதிவேட்டில் ஏறியது இதுதான்: "இரவு சுமார் 2.10 மணி. இரண்டாம் கன்வேயர், வால் முனை. ரோலரின் மேல் மறைப்பு இல்லை. நான் 10 மணிக்கு வேலைக்கு வந்தபோதும் இல்லை. யார் எடுத்தார்கள் என்று தெரியாது. சிக்கிய பாக்கெட்டை எடுக்க வலது கையை விட்டேன். பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது, நான் நிறுத்தவில்லை. நிறுத்தும் பொத்தான் மறுமுனையில் தூணுக்குப் பின்னால் உள்ளது. ஒன்றரை மணி அளவில் சூப்பர்வைசர் 'வண்டி காத்திருக்கு, சீக்கிரம்' என்றார். வலது ஆள்காட்டி விரல் நுனி துண்டானது."

எலும்பு போனதா என்று அக்கா எழுதவில்லை. அது அவர் கண்ணுக்குத் தெரிகிற விஷயமல்ல, எக்ஸ்ரே சொல்ல வேண்டியது. ஆனால் எந்தக் கை, எந்த விரல், எவ்வளவு என்பது பணக் கணக்கு. சட்டத்தின் பட்டியலில் ஆள்காட்டி விரலில் எலும்பு போகாமல் நுனி மட்டும் போனால் 5 சதவீத இழப்பு, ஒரு கணு போனால் 9. அதே ஒரு கணு மோதிர விரலில் போனால் 5தான். 'கையில் அடி' என்று மொட்டையாக எழுதினால், பிறகு மருத்துவக் குழுவின் முன்னால் தொடங்குகிற பேச்சே வேறு.

"நிறுத்தவில்லை" என்ற அந்த வார்த்தைக்குத்தான் எதிரணி காத்திருந்தது. தன் கையாலேயே தன் தலையில் மண் போட்டுக்கொள்வதா என்றார் வழக்கறிஞர் அண்ணன். அண்ணன் பாதி சரி. அந்தப் பாதியை மறைக்க மாட்டேன். இ.எஸ்.ஐ. இல்லாத இடத்துக்கு 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம். காவல் மறைப்பைத் தொழிலாளியே வேண்டுமென்று கழற்றினாலோ, வேண்டுமென்று பொருட்படுத்தாமல் விட்டாலோ, உயிரோ முழு உழைப்புத் திறனோ போகாத காயத்துக்கு இழப்பீடு மறுக்க அதில் வழி இருக்கிறது. ஆனால் 'வேண்டுமென்று' என்பதை முதலாளி நிரூபித்தாக வேண்டும். 'வரும்போதே மறைப்பு இல்லை' என்று அன்றே எழுதிவைத்த தொழிலாளி மேல் அதை எப்படி நிரூபிப்பார்? இ.எஸ்.ஐ.யில் கதையே வேறு. அந்தச் சட்டத்தின் 51பி, விதியை மீறிச் செய்த வேலையாக இருந்தாலும், அது முதலாளியின் தொழிலுக்காகச் செய்ததென்றால் பணியில் நேர்ந்த காயம்தான் என்கிறது. அக்கா பாக்கெட்டைத் தன் வீட்டுக்கா எடுத்தார்? 2025 நவம்பர் 21 முதல் இந்தப் பழைய சட்டங்களின் இடத்தில் புதிய தொகுப்பு வந்து பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. எண்ணை விடுங்கள், அண்ணன் பார்த்துக்கொள்வார்.

மேலாளர் அனுப்பிய படிவம் 12இல் காரணம் என்ற இடத்தில் "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று இருந்தது. ஒரே வரி. மறைப்பு இல்லை, பொத்தான் இல்லை, ஒன்றரை மணி இல்லை. கவனக்குறைவைக் கண்ணால் பார்த்தவர் உண்டா? ரோலரைப் பார்க்கலாம், பொத்தானைப் பார்க்கலாம். அலுவலகத்தில் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தவர்கள், பொத்தான் எங்கே இருக்கிறது என்றுதான் திருப்பிக் கேட்டார்கள். தன் தப்பையும் எழுதிய தாளை நம்பினார்கள். அக்காவுக்கு வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் வந்தது. மறைப்பைக் கழற்றியது யார் என்று இன்றுவரை தெரியாது. முந்தைய ஷிப்டில் கழுவும்போது எடுத்திருக்கலாம் என்பது என் ஊகம். நல்ல வேளை, அதை நான் சாட்சி வரியில் எழுதவில்லை.

மனிதவளத் துறைத் தம்பி ஒரு யோசனை சொன்னார். நடுநிலை வேண்டுமென்றால் 'நான்' என்று எழுதாமல் 'காயம்பட்ட நபர்' என்று எழுதச் சொல்ல வேண்டுமாம். தம்பி, சொந்தக் கோபத்தை 'நபர்' என்று எழுதினால் கோபம் போய்விடுமா? யார் பார்த்தது, யார் கேட்டது என்பதுதான் போய்விடும். 'நான் பார்த்தேன்', 'அவர் சொல்லக் கேட்டேன்', 'எனக்குத் தெரியாது' என்று மூன்றையும் பிரித்து எழுதினால் போதும். தமிழில் எழுதினாலும் சரி, தெலுங்கில் எழுதினாலும் சரி. இந்த எல்லைச் சீமையில் இரண்டும் நம் வீட்டுப் பேச்சுதான். தெரியாத இங்கிலீஷில் யாரோ எழுதியதன் கீழே கையெழுத்துப் போடுவதுதான் ஆபத்து.

எதிரணி அக்கா தன் மகன் வேலைக்குப் போகும் வழியில் ரேணிகுண்டா சாலையில் பைக்கோடு விழுந்த கதையைச் சொன்னார். "அங்கே எந்தப் பதிவேட்டில் எழுதுவான்?" என்றார். அக்கா, உங்கள் கவலை நியாயம். ஆனால் நம் தலைப்பு ஆலைக்குள் இருக்கிறது. வேலைக்குப் போய்வரும் வழியில் நடக்கும் விபத்தும் 2010ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இ.எஸ்.ஐ.யில் வரும், நேரமும் வழியும் வேலையோடு பொருந்தினால். பையனை அந்த நேரத்தையும் வழியையும் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். பாருங்கள், நீங்களும் எங்கள் அணிக்கு வந்துவிட்டீர்கள்.

வலியில் நினைவு தப்பும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்குத்தான் முதலில் நாலு வரி. மறுநாளோ மறுவாரமோ ஏதாவது ஞாபகம் வந்தால், அந்தத் தேதியைப் போட்டுக் கீழே சேர்க்கலாம். பழைய வரியை அடிக்கவோ அதன்மேல் எழுதவோ கூடாது. அடித்த வரியைத்தான் எல்லோரும் முதலில் படிப்பார்கள்.

எனக்குப் பதில் தெரியாத கேள்வியும் ஒன்று இருக்கிறது. "வீட்டில் அடிபட்டது என்று சொல்லிவிடு, செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று கான்ட்ராக்டர் சொல்வார். அப்படிச் சொன்னால் அது வெறும் நோய்க் கணக்கில் போகும். 90 சதவீதம் 70 ஆகும். போதுமான நாள் சந்தா கட்டியிருந்தால்தான் அதுவும். பணிக் காயத்துக்கு அந்த நிபந்தனை கிடையாது, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே உரிமை உண்டு. உதவித்தொகை வாங்கும் காலத்தில் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்றும் சட்டம் இருக்கிறது. ஆனால் எழுதிய பெண்ணைக் கான்ட்ராக்டர் நீக்குவதில்லை. "நாளைக்கு ஆள் தேவையில்லை" என்பார், அவ்வளவுதான். எதிரணி இந்தப் பயத்தைச் சொல்லியிருந்தால் நான் திணறியிருப்பேன். வலியைப் பற்றிப் பேசியே நேரத்தை முடித்துவிட்டார்கள்.

தோழர்களே, நாளை ஷிப்டுக்குப் போனதும் விபத்துப் பதிவேடு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். எளிதாகக் கைக்கு எட்டும்படி அது இருக்க வேண்டும் என்பது விதி. மேலாளர் அறைப் பீரோவில் பூட்டியிருந்தால், யாருக்கும் அடிபடாத நாளிலேயே வெளியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். நடுவர் அவர்களே, தீர்ப்பை எங்கள் பக்கம் தாருங்கள்.