ஸ்தாபகர் உருவப்படங்களைக் கையளித்து ஆற்றிய உரை

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் சங்கச் செயலாளர் நிகழ்த்தியது)



மேடையில் வெள்ளைத் துணியால் மூடியிருக்கும் படங்கள் மூன்று. திரைநீக்கத்துக்குமுன் அவை ஏன் இப்படி வரையப்பட்டன என்று சொல்லிவிடுகிறோம். சொல்லாவிட்டால், “இதென்ன, முகத்தையே காணேல்லை” என்று தேநீர் இடைவேளையில் எங்களைப் பிடித்துக்கொள்வீர்கள்.

உடுவிலில் 1824இல் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கியவர் ஹரியற் வின்சுலோ அம்மையார். 1862இல் வெளிவந்த வின்சுலோ தமிழ் - ஆங்கில அகராதியை எல்லோரும் அறிவோம். அது அவருடைய கணவர் மைரன் வின்சுலோவின் பெயரில் உள்ளது. அம்மையாரோ அதற்கு ஏறத்தாழ முப்பது வருடங்களுக்கு முன்பே, 1833 தை மாதத்தில், உடுவிலிலேயே காலமாகிவிட்டார். புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இல். ஆகவே அவருடைய புகைப்படம் என்று ஒன்று இருக்கவே முடியாது. இனி யாராவது கொண்டுவந்து காட்டினால், அது வேறொருவருடையது.

ஓவியத்தைப் பொறுப்பேற்ற எங்கள் பழைய மாணவி முதலில் கீறிக்கொண்டுவந்தது நரைத்த தலையும் மூக்குக்கண்ணாடியுமாக ஒரு பாட்டியம்மாவை. ஸ்தாபகர் என்றதும் எல்லோருக்கும் மனதில் வருவது அந்த உருவந்தான். கணக்குப் பார்த்தோம். அம்மையார் பிறந்தது 1796இல், அமெரிக்காவின் கனெற்றிக்கற் மாநிலத்தில். பாடசாலையைத் தொடங்கியபோது வயது இருபத்தெட்டளவில், இறந்தபோது முப்பத்தாறு. இன்று இங்கே முன்வரிசையில் இருக்கும் எங்களில் அநேகரைவிட இளையவர். அதன்பின் ஓவியர் நரையை அழித்தார். நிமிர்ந்த கழுத்து, அக்காலத்து அமெரிக்கப் பெண்கள் அணிந்த தொப்பி, அதன் நிழலில் அரைகுறையாகத் தெரியும் ஒரு கன்னம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டார். கண்ணும் மூக்கும் வைத்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பதினைந்து வருடத்தில் பிள்ளைகள் அதையே உண்மையான முகம் என்று நம்புவார்கள், பாடநூலிலும் ஏறிவிடும்.

இரண்டாவது படம் இலைசா அக்னியூ அம்மையாருடையது. 1840இல் வந்து, நாற்பது வருடமளவில் இப்பாடசாலையை நடத்தி, ஒருமுறையேனும் ஊர் திரும்பாமல் 1883இல் இங்கேயே கண்மூடியவர். ஆயிரம் பெண்மக்களின் தாய் என்று அழைக்கப்பட்டவர். இவருக்கு அச்சில் வந்த படம் உண்டு. ஆனால் அக்காலத்தில் படம் பிடிக்கப் பல வினாடிகள் அசையாமல் இருக்கவேண்டும், எவருடைய முகமும் விறைத்துத்தான் விழும். அந்தக் கடுமை கமராவுடையது, ஆளுடையதல்ல. எனவே ஓவியர் நெற்றியையும் தலைமயிரின் வகிட்டையும் படத்திலிருந்து எடுத்தார். இறுகிய வாயை ஒரே கோட்டால் தளர்த்திவிட்டார். இதில் குழுவுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. இன்னும் இருக்கிறது.

மூன்றாவதுக்குத்தான் நாங்கள் மூன்று கூட்டம் கூடினோம். படிப்பிக்க வந்தவர் மட்டும் பாடசாலையை ஸ்தாபித்துவிட முடியாது. படிக்க வந்தவரும் வேண்டும். பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று ஊரே சிரித்த நாளில் வந்திருந்த பிள்ளைகளையும் ஸ்தாபகராகச் சேர்க்கவேண்டும் என்று வாதாடினோம். சம்மதம் கிடைத்தது. பிறகு யாரை வரைவது? தெல்லிப்பழையில் அமெரிக்க மிஷனரிமாரிடம் முதன்முதல் எழுத்துப் படித்த பெண்பிள்ளைகளின் பெயர்களைத் தேடினால் கிடைப்பவை மிராண்டா சஃபோர்ட், மரியா பீபொடி. வட்டுக்கோட்டைக்கும் தெல்லிப்பழைக்கும் இடையில் எந்தத் தாய் தன் பிள்ளைக்கு இப்படிப் பெயர் வைத்தாள்? அக்காலத்தில் ஒரு பிள்ளையின் செலவை ஏற்கும் அமெரிக்க நன்கொடையாளர் தாம் விரும்பிய பெயரைப் பிள்ளைக்கு இடலாம். பணம் கொடுத்தவரின் பெயர் ஏட்டில் நின்றது. பெற்றவள் கூப்பிட்ட பெயர் அந்த வரிகளில் இல்லை.

இங்கே முகமும் இல்லை, சொந்தப் பெயரும் இல்லை. ஓவியர் ஒரு வாரம் யோசித்துவிட்டு, மணலில் விரலால் எழுதும் இரண்டு பிள்ளைகளைக் கீறினார். அந்நாளில் எழுத்துத் தொடங்குவது மணலில், ஏடு பிறகுதான். குனிந்து எழுதுவதால் முகம் தெரியாது. வகிடும் முதுகும் ஆட்காட்டி விரலும் மட்டுமே தெரியும். பொய்யாக ஒன்றும் சேர்க்கவில்லை.

படத்தின்கீழே பித்தளைத் தகட்டில் அந்த ஆங்கிலப் பெயர்கள் இரண்டையும் பொறித்திருக்கிறோம். அவற்றின்கீழ் ஒரு வரி அகலத்தை வெறுமையாக விட்டிருக்கிறோம். வேலை அரைகுறை என்று எண்ணவேண்டாம். ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இம்மலரை வாசிப்பவர்களே, உங்கள் வீட்டில் பழைய வேதப்புத்தகத்தின் முன்தாளிலோ காணி உறுதியிலோ பூட்டியின் பூட்டி பெயர் எழுதியிருந்தால், அதில் ஒரு ஆங்கிலப் பெயரும் ஒரு வீட்டுப்பெயரும் சேர்ந்திருந்தால், படமெடுத்துச் சங்கத்துக்கு அனுப்புங்கள். அந்தப் பக்கத்தோடு அடுத்த பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். திகதி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பொறிப்பவரிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.

இப்போது மூன்றாவது படத்தின் துணியை விலக்க முதலாம் வகுப்புப் பிள்ளைகள் இருவரை அழைக்கிறோம். கயிற்றை மெதுவாக இழுங்கோ, பிள்ளைகள்.